சோலார் பேனலா, நிலக்கரி மின்சாரமா: கரிமக் கடன் எப்போது அடைகிறது?

"சோலார் பேனலைச் செய்வதற்கே ஏராளமான மின்சாரம் வேண்டும், அதுவும் சீனாவில் நிலக்கரியை எரித்துத்தான் கிடைக்கிறது, பிறகு இதை எப்படிப் பசுமை மின்சாரம் என்கிறீர்கள்?" என்று கேட்பவர், தம்மை அறியாமலே இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிவிடுகிறார். செய்யச் செலவான ஆற்றலைப் பேனல் எப்போது திருப்பித் தருகிறது என்பது ஒன்று. செய்யும்போது வெளியான கரிமத்தை எப்போது ஈடுகட்டுகிறது என்பது மற்றொன்று. முதலாவதற்கான விடையைப் பெரும்பாலும் வெயில் தீர்மானிக்கிறது. இரண்டாவதற்கான விடையோ, பேனல் எந்த மின்சாரத்தின் இடத்தைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஆற்றல் கணக்கில் அதிகம் விழுங்குவது சிலிக்கான். குவார்ட்ஸ் கல்லைக் கரியோடு சேர்த்து மின்வில் உலையில் உருக்கி எடுக்கும் சிலிக்கான், பேனலுக்குப் போதிய அளவு தூய்மையாக இருப்பதில்லை. ஆகவே அதை எளிதில் ஆவியாகும் ஒரு குளோரின் சேர்மமாக மாற்றி, வடித்து, சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உள்ள கம்பிகளின் மீது மீண்டும் சிலிக்கானாகப் படிய வைக்கிறார்கள். இந்தத் தூய்மையாக்கம் முழுவதற்கும் முன்பு கிலோவுக்கு 100 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் செலவானது. இன்று ஏறக்குறைய 60 யூனிட் போதும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வாட்டுக்குச் சுமார் 16 கிராம் சிலிக்கான் தேவைப்பட்டது. வைரக் கம்பியால் மிக மெல்லிய வில்லைகளாக அறுக்கும் முறை வந்தபின், இன்று இரண்டு முதல் இரண்டரை கிராமே ஆகிறது. அதாவது ஒரு கிலோவாட் பேனலின் சிலிக்கானைத் தூய்மையாக்க 150 யூனிட் அளவுதான் வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் அந்தப் பேனலே அதை ஆறு வாரத்துக்குள் தந்துவிடும். வார்ப்பு, கண்ணாடி, அலுமினியச் சட்டம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தாலும், நல்ல வெயில் உள்ள ஊர்களில் ஆற்றல் ஈடுகட்டும் காலம் ஓராண்டை ஒட்டியே நிற்கிறது. ஐயம் கொள்பவர் சொல்லும் கணக்கு பழைய பேனல்களுக்குரியது.

கரிமக் கணக்கைக் கூரையில் வைக்கும் 3 கிலோவாட் அமைப்பைக் கொண்டு பார்க்கலாம். ஜெர்மனியின் ஃப்ராவுன்ஹோஃபர் சூரிய ஆற்றல் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சீனாவில் செய்த பேனலுக்குக் கிலோவாட்டுக்கு 810 கிலோ கரியமில வாயு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சாரத்தில் செய்தால் 480 கிலோ. சீன நிலக்கரி அந்த 810-க்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மோசமான எண்ணையே எடுத்துக்கொண்டால் மூன்று கிலோவாட்டுக்கு 2,430 கிலோ. தாங்கிகள், இன்வெர்ட்டர், இடையில் ஒருமுறை மாற்றும் இன்வெர்ட்டர் ஆகியவற்றுக்காகத் தாராளமாக இரட்டித்து 4,860 கிலோ என்று வைப்போம். ஆண்டுக்குக் கிலோவாட்டுக்கு 1,400 யூனிட் என்றால் மொத்தம் 4,200 யூனிட். இந்திய மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதால், ஆண்டுக்கு 2,940 கிலோ மிச்சம். எனவே இரட்டித்த கடனே இருபது மாதத்தில் அடைந்துவிடுகிறது. திறன் சிறிது சிறிதாகக் குறைவதைக் கழித்து, 25 ஆண்டு உற்பத்தியின் மீது அந்தக் கடனைப் பரப்பினால், யூனிட்டுக்கு ஏறக்குறைய 50 கிராம். நிலக்கரி மின்சாரத்துக்கு ஐ.நா. காலநிலைக் குழுவின் 2014 அறிக்கை தரும் இடைநிலை மதிப்பு 820 கிராம். அனல்மின் நிலையத்துக்கு ஈடுகட்டும் காலம் என்ற ஒன்றே கிடையாது. இந்தியாவில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான நிலக்கரியை அது புதிதாக எரித்தாக வேண்டும்.

கேட்மியம் டெலுரைடு மென்படலப் பேனலுக்குச் சிலிக்கான் தூய்மையாக்கமே தேவையில்லை என்பதால், அதன் கரிமச் சுவடு இன்னும் குறைவு. சென்னையை அடுத்த பிள்ளைப்பாக்கத்திலேயே இது தயாராகிறது. ஆனால் பெரும்பாலும் பெரிய சூரியப் பண்ணைகளுக்கே போவதால், வீட்டுக்காரருக்கு அது நடைமுறைத் தேர்வாக இல்லை.

ஐயம் கொள்பவர் சொல்வது உண்மையாகும் இடங்களும் உண்டு. நார்வேயின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி நீர்மின்சாரம். யூனிட்டுக்கு 30 கிராம் என்று வைத்து, ஆண்டுக்கு 900 யூனிட் தரும் ஒரு கிலோவாட் சீனப் பேனலை அங்கே நிறுத்தினால், தாங்கிகளைச் சேர்க்காமலே 810 கிலோவை ஈடுகட்ட 30 ஆண்டுகள் வேண்டும். இந்திய மின்தொகுப்பும் தூய்மையாகத் தூய்மையாக, இனி வைக்கப்படும் பேனல்களின் ஈடுகட்டும் காலம் நீளும். நம் ஊரில் கணக்கைக் கெடுப்பவை வேறு: தண்ணீர்த் தொட்டியின் நிழல், துடைக்காத தூசி, பேனல் மேல் ஏறி நடப்பதால் கண்ணுக்குத் தெரியாமல் விழும் விரிசல். மேலே சொன்ன அமைப்பு எட்டே ஆண்டில் கழற்றி எறியப்பட்டால், 50 கிராம் சுமார் 145 கிராமாக ஏறும். அப்போதும் நிலக்கரியின் ஐந்தில் ஒரு பங்கை எட்டாது. இன்வெர்ட்டர் காட்டும் ஆண்டு யூனிட்டைக் கிலோவாட் எண்ணால் வகுத்துப் பார்த்து, அது 1,200-க்குக் கீழே வந்தால், முதலில் நிழலையும் தூசியையும் பார்க்க வேண்டும்.