ஹெல்மெட் லிஸ்டிங்கில் எண், சென்டிமீட்டர், மாதம்: கும்பகோணம் கடை அனுபவம்

கும்பகோணத்தில் எங்கள் கடையில் டூவீலர் உதிரிபாகங்களோடு ஹெல்மெட்டும் விற்கிறோம். வாட்ஸ்அப் கேட்டலாக்குக்கும் ஒரு ஆன்லைன் தளத்துக்கும் லிஸ்டிங் எழுதுவது என் பொறுப்பு. "பிரீமியம் தரம், கம்பீரத் தோற்றம்" வகையறாவை விட்டுவிட்டு, முத்திரை, அளவு, எப்போது மாற்றுவது ஆகிய மூன்றை மட்டும் விவரமாக எழுத ஆரம்பித்துச் சில வருஷம் ஆகிறது. அதில் எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதைச் சொல்கிறேன்.

முதலில் முத்திரை. "ஐ.எஸ்.ஐ. தரம்" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை, போலி ஹெல்மெட் விற்பவரும் அதையேதான் எழுதுகிறார். இரு சக்கர வாகன ஹெல்மெட்டுக்கு 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த முத்திரைக்கு மேலே IS 4151 என்ற தர எண்ணும், கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். எங்கள் லிஸ்டிங்கில் அந்த உரிம எண்ணை அப்படியே போட்டு, ஹெல்மெட்டில் உள்ள முத்திரையைக் கிட்டத்தில் எடுத்த படத்தை இரண்டாவது படமாக வைக்கிறோம். வாங்குபவர் ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் BIS Care செயலியைத் திறந்து, Verify Licence Details பகுதியில் எண்ணைத் தட்டினால், உரிமம் யாருடையது, இன்னும் செல்லுமா என்பது வந்துவிடும்.

செயலியில் வரும் நிறுவனத்தின் பெயரும் ஹெல்மெட் லேபிளில் இருக்கும் பெயரும் ஒன்றா என்பதுதான் அதில் பார்க்க வேண்டியது. ஒருமுறை மொத்த வியாபாரி ஒருவர் அனுப்பிய சரக்கில் எண் தெளிவாக இருந்தது, செயலியும் ஏற்றுக்கொண்டது. ஆனால் வந்த பெயர் வேறு கம்பெனியுடையது. எண் நிஜம், ஆள் வேறு. பெட்டியைப் பிரித்த கையோடு திருப்பி அனுப்பினோம். அதனால் புதுச் சரக்கு வந்தால் பழைய லிஸ்டிங்கின் எண்ணையே நம்பாமல், ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்த்துவிட்டே ஏற்றுகிறேன்.

"டி.ஓ.டி. முத்திரை இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது அமெரிக்கத் தரம். தயாரிப்பாளர் தானே சோதித்துத் தானே ஒட்டிக்கொள்வது, விற்பனைக்கு முன் அரசு சோதித்து அனுமதி தருவதில்லை. இங்கே அது ஐ.எஸ்.ஐ.க்குப் பதிலாகாது. கட்டட வேலைக்கான மஞ்சள் ஹெல்மெட்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும், ஆனால் அதன் எண் IS 2925. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுபவர்களை இந்தப் பக்கம் தினமும் பார்க்கலாம். எங்களிடம் அதுவும் இருப்பதால், அதன் லிஸ்டிங்கில் முதல் வரியே "வண்டி ஓட்ட அல்ல" என்பதுதான்.

அளவு விஷயத்தில்தான் லிஸ்டிங் நிஜமாகவே வேலை செய்கிறது. எம், எல் என்ற எழுத்தை நம்பவே முடியாது. எங்கள் அலமாரியிலேயே ஒரு பிராண்டின் 580 மில்லிமீட்டர் 'எம்', பக்கத்தில் இருக்கும் இன்னொன்றின் 580 'எல்'. இரண்டாவதில் எல் போட்டுப் பழகியவர் முதல் பிராண்டிலும் எல் கேட்டால் தலை உள்ளே ஆடும். அதனால் தலைப்பிலேயே "58 செ.மீ. தலைக்கு" என்று எழுதி, எழுத்தைப் பின்னால் தள்ளிவிடுகிறேன். ஆன்லைன் தளத்தில் எஸ், எம், எல் தவிர வேறு எதையும் தேர்வு செய்ய வழியில்லை, ஆகவே தலைப்பில் போடுவது ஒன்றே வழி.

அளக்கும் முறையையும் கையில் இருப்பதை வைத்தே எழுத வேண்டும். டெய்லர் டேப் எல்லார் வீட்டிலும் இருக்காது. ஒரு நூலைப் புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்தலையில் அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி, நூலை ஸ்கேலில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். இரண்டு மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுக்க வேண்டும்.

இதற்கு அடுத்த வரி டெல்டாவுக்கென்றே சேர்த்தது: "துண்டு, கொண்டை, பூ இல்லாமல் அளக்கவும்." நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் போனில் 60 என்றார். துண்டு கட்டியிருக்கிறீர்களா ஐயா என்று கேட்டேன். "வெயில்ல எப்பவும் கட்டியிருப்பேன் தம்பி, வேர்வை கண்ணுல எறங்காது" என்றார். அவிழ்த்து அளந்ததும் 57.5 வந்தது. 58 அனுப்பினோம். கன்னத்தில் இறுக்குகிறது, ஒரு சைஸ் பெரிதாகக் கொடு என்று மறுநாள் கூப்பிட்டார். ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாக அசைக்கச் சொன்னேன், நெற்றித் தோலும் கூடவே நகர்ந்தது. ஸ்ட்ராப்பைப் போட்டுக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டிக் கழற்றப் பார்க்கச் சொன்னேன், கழன்று வரவில்லை. கால் மணி நேரம் போட்டிருந்தும் நெற்றியில் எந்த இடத்திலும் குத்தும் வலி இல்லை. அப்படியென்றால் அளவு சரி, கன்னப் பஞ்சு போகப் போக அமுங்கிவிடும். நெற்றியில் ஒரே இடத்தில் வலித்திருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பேன். அவருக்குத் துண்டுக்குப் பதில் மெல்லிய ஹெல்மெட் கேப் ஒன்றையும் அனுப்பினோம். இந்தப் பரிசோதனைகளை இப்போது லிஸ்டிங்கிலேயே எழுதிவிட்டதால் "இறுக்குது" என்று ஹெல்மெட் திரும்பி வருவது நன்றாகவே குறைந்திருக்கிறது.

மாற்றும் காலத்தைப் பற்றி "விபத்துக்குப் பின் மாற்றவும்" என்று மட்டும் போட்டால் கேள்விதான் வருகிறது. கைப்பிடியிலிருந்து கீழே விழுந்தால் மாற்றணுமா என்பார்கள். காரணத்தைச் சொன்னால் அவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள். வெளி ஓட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல்தான் அடியை வாங்குகிறது. தலை உள்ளே இருக்கும்போது மோதினால், தலைக்கும் ரோட்டுக்கும் நடுவில் அது நசுங்கும். ஒருமுறை நசுங்கினால் பழையபடி விரியாது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம். அதனால் தலையில் இருக்கும்போது அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றியே ஆக வேண்டும். வெறும் ஹெல்மெட் இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தால் அந்த அழுத்தம் இல்லை. ஓட்டில் விரிசலோ தெர்மாகோல் பிரிந்த அடையாளமோ இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

அடிபடாத ஹெல்மெட்டுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் காலத்தைப் போடுகிறேன். அவர் எதுவும் சொல்லாவிட்டால் ஐந்து வருஷம், ஹெல்மெட்டைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்காவின் ஸ்நெல் அறக்கட்டளையும் அதைத்தான் பரிந்துரைக்கிறது. வேர்வையும் தேங்காய் எண்ணெயும் உள்ளே இறங்கும் நம்மூரில் அதற்கு முன்பே பஞ்சு தொளதொளத்துவிடலாம். முன்னே சொன்ன அசைக்கும் பரிசோதனையில் ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால், வருஷம் பார்க்காமல் மாற்ற வேண்டியதுதான். ஸ்டிக்கர் பிசினை எடுக்கப் பெட்ரோலால் துடைக்க வேண்டாம் என்றும் ஒரு வரி இருக்கிறது, பிளாஸ்டிக் ஓடு கண்ணுக்குத் தெரியாமல் பலவீனமாகும்.

ஐந்து வருஷம் என்று எழுதினால் எப்போதிலிருந்து என்று தெரிய வேண்டுமே. பெட்டியில் தயாரிப்பு மாதம் அச்சிட்டிருக்கும், ஆனால் ஆன்லைன் பக்கத்தில் அதைக் காட்ட வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. நாங்கள் போடுகிறோம். இதனால் பழைய சரக்கு தேங்குவது உண்மை, விலையைக் குறைத்துத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. இந்த முறையில் எனக்குள்ள ஒரே வருத்தம் அதுதான்.

முழங்கால், முழங்கையில் பாதுகாப்புக்காகக் கட்டும் கார்டுகளுக்கு இதே முறை பாதிதான் ஒத்துவருகிறது. அட்டையில் வெறும் சி.இ. என்ற ஐரோப்பிய முத்திரை மட்டும் இருந்தால் அதை லிஸ்டிங்கில் சேர்ப்பதில்லை. இவற்றுக்கான ஐரோப்பியத் தர எண்ணான EN 1621-1 என்பதும், லெவல் 1 அல்லது 2 என்பதும் கார்டின் மேலேயே பதித்திருந்தால் மட்டும் எழுதுகிறேன். இரண்டில் லெவல் 2தான் அதிக அடியைத் தாங்கும். எண் இல்லாததை "கீறலுக்கு மட்டும்" என்று போட்டுவிடுகிறேன். வயலுக்குப் போய்வரும் பையன்கள் அதைத்தான் அதிகம் வாங்குகிறார்கள், விலை அப்படி.