தப்பான ஐடிஆர் ஃபார்ம், 139(9) நோட்டீஸ், திரும்ப ஃபைல் பண்ணது: முழு அனுபவம்

எங்க குடும்பத்துல எல்லாருக்கும் வருமான வரி ரிட்டர்ன் சம்பந்தமான வேலைய பல வருஷமா நான்தான் பாத்துட்டு இருக்கேன், அதனால இ-ஃபைலிங் போர்ட்டல் ஓரளவுக்கு பழக்கம்தான். ஆனா "டிஃபெக்டிவ் ரிட்டர்ன்"னு 139(9) நோட்டீஸ் வந்து அதுக்கு பதில் போட்டது போன வருஷம் மாமாவோட (அக்கா வீட்டுக்காரர்) கேஸ்லதான். இத பத்தி தேடுறவங்களுக்கு முழுசா ஒரு இடத்துல கிடைக்கட்டும்னு எழுதுறேன்.

மாமா ஒரு கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனில ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். சம்பளம் போக, வெளிய ஒரு பில்டருக்கு டிசைன் செக் பண்ணி குடுத்து ஃபீஸ் வாங்குறார், அவங்க 194J-ல 10 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சுதான் குடுப்பாங்க. அசெஸ்மென்ட் இயர் 2025-26க்கு ஜூன் மாசமே பக்கத்துல ஒரு சென்டர்ல குடுத்து ஃபைல் பண்ணியிருக்கார். அவங்க சம்பளக்காரர்தானேன்னு ஐடிஆர்-1 எடுத்து, அந்த ஃபீஸ "இதர வருமானம்"ல போட்டு முடிச்சுட்டாங்க. வரியும் கட்டியாச்சு, வெரிஃபையும் ஆயிடுச்சு. ஆகஸ்ட்ல நோட்டீஸ் வந்துச்சு.

"தம்பி, வருமானத்த மறைக்கவே இல்லையே, ஏன் நோட்டீஸ்?"னு மாமா ரொம்ப பதறிட்டார். இதுல வருமானம் மறைச்சதா யாரும் சொல்லல. 194J-ல டிடிஎஸ் பிடிச்சா அது ப்ரொஃபஷனல் ஃபீஸ். ஐடிஆர்-1ல தொழில் வருமானம் காட்டவே இடம் கிடையாது. நீங்க கேக்குற டிடிஎஸ் கிரெடிட் ஒரு தலைப்புல இருக்கு, காட்டுன வருமானம் வேற தலைப்புல இருக்கு, அதனால ரிட்டர்ன்ல குறை இருக்கு, 15 நாளுக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா ரிட்டர்ன் செல்லாதுன்னு எடுத்துப்போம், இதுதான் நோட்டீஸோட சாரம். செல்லாதுன்னா ஃபைல் பண்ணவே இல்லங்குற மாதிரி, அதுதான் இதுல பயப்பட வேண்டிய விஷயம்.

நோட்டீஸ் பிடிஎஃப்க்கு பாஸ்வேர்டு பான் நம்பர் சின்ன எழுத்துல, கூடவே பிறந்த தேதி எட்டு இலக்கத்துல. உள்ள ஒரு டேபிள்ல என்ன குறை, எப்படி சரி பண்ணலாம்னு போட்டிருப்பாங்க. சரி பண்ற வழி கொஞ்சம் பொதுப்படையாதான் இருக்கும், எந்த ஃபார்ம்னு நாமதான் முடிவு பண்ணணும். மாமாவுக்கு ஐடிஆர்-4 சரியா வந்துச்சு, ஏன்னா இன்ஜினியரிங் 44ADA-ல சொல்லியிருக்குற தொழில்கள்ல ஒண்ணு, அந்த செக்ஷன்ல மொத்த ஃபீஸ்ல குறைஞ்சது 50 சதவீதத்த லாபமா காட்டிட்டு, கணக்கு புக் இல்லாம முடிக்கலாம். உண்மையான லாபம் அதுக்கு மேலன்னா மேல உள்ளதத்தான் காட்டணும். இவருக்கு சாஃப்ட்வேர் லைசென்ஸ், சைட்டுக்கு போய் வர்ற செலவு, டிராஃப்டிங் பண்ற பையனுக்கு குடுக்குறதுன்னு பாதி போயிடும், அதனால 50 சரியா இருந்துச்சு. எல்லா ஃபீஸுக்கும் 44ADA பொருந்தாது, அந்த லிஸ்ட்ல இல்லாத தொழில்னா ஐடிஆர்-3 பக்கம் போக வேண்டியிருக்கலாம், பாத்துக்கோங்க.

கணக்க சொல்றேன். சம்பளம் 8,40,000, புது ரெஜீம்ல ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 75,000 போக 7,65,000. ஃபீஸ் 3,00,000. ஐடிஆர்-1ல முழு மூணு லட்சத்தையும் சேத்து 10,65,000க்கு செஸ்ஸோட 62,140 வரி வந்துச்சு. டிடிஎஸ் சம்பளத்துல 27,560, ஃபீஸ்ல 30,000, மீதி 4,580 கைல இருந்து கட்டியிருந்தார். ஐடிஆர்-4ல ஃபீஸ்ல பாதி மட்டும் லாபம், ஆக 9,15,000, வரி 43,160. அதாவது தப்பான ஃபார்மால 18,980 ரூபாய் கூட கட்டியிருக்கார், நோட்டீஸ் வரலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது!

பதில் போடுறது இப்படி. லாகின் பண்ணி `Pending Actions` உள்ள `e-Proceedings` போனா நோட்டீஸ் இருக்கும். அதுல `Agree` அல்லது `Disagree` கேக்கும். குறை உண்மைதான்னா `Agree`, இல்லன்னா `Disagree` குடுத்து காரணம் எழுதணும். பதில் ஒரு தடவ சப்மிட் ஆயிட்டா மாத்தவோ திரும்ப வாங்கவோ முடியாது, அதனால அதுக்கு முன்னாடியே ஆஃப்லைன் யுட்டிலிட்டில ஐடிஆர்-4 முழுசா ரெடி பண்ணி JSON ஃபைல் எடுத்து வச்சுக்கிட்டேன். யுட்டிலிட்டில எந்த செக்ஷன்ல ஃபைல் பண்றீங்கன்னு கேக்குற இடத்துல 139(9) நோட்டீஸுக்கு பதில்னு தேர்ந்தெடுத்தாதான் பழைய ரிட்டர்னோட அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர், அது ஃபைல் பண்ண தேதி, நோட்டீஸ் நம்பர், நோட்டீஸ் தேதி இதுக்கெல்லாம் கட்டம் வரும். நாலையும் நோட்டீஸ பாத்து அப்படியே அடிக்கணும்.

நான் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டது டிடிஎஸ் ஷெட்யூல்லதான். 194J இருக்குற வரிசைக்கு நேரா மொத்த ரசீது எவ்வளவு, எந்த தலைப்புல காட்டுனீங்கன்னு கேக்கும். அங்க 1,50,000னு லாபத்த போடக்கூடாது, 26AS டிடிஎஸ் ஸ்டேட்மென்ட்ல இருக்குற முழு 3,00,000தான் போடணும், தலைப்பு பிசினஸ் அல்லது ப்ரொஃபஷன். 44ADA பகுதிலயும் மொத்த ரசீது அதே 3,00,000, பேங்க்ல வந்ததுன்னு பிரிச்சு போட்டு, லாபம் 1,50,000. இந்த ரெண்டு இடமும் ஒத்துப் போகலன்னா திரும்ப அதே குறையில போய் நிக்கும். அப்பறம் அவர் கட்டுன 4,580 சலான் விவரத்த மறக்காம திரும்ப ஏத்தணும், புது ஃபார்ம்ல தானா வந்திருக்கும்னு நம்பிடாதீங்க.

JSON-ஐ `e-Proceedings` வழியாவே அப்லோட் பண்ணி, ஆதார் ஓடிபில வெரிஃபை பண்ணோம். வெரிஃபிகேஷனுக்கு 30 நாள் இருக்கு, ஆனா ஏன் தள்ளிப் போடணும், அன்னைக்கே முடிச்சிருங்க. பின்னாடி 143(1) இன்டிமேஷன் நாங்க போட்ட கணக்குப்படியே வந்து, ரீஃபண்டும் வந்துச்சு.

மாமா கூட வேலை பாக்குற ஒருத்தருக்கு அதே சென்டர், அதே ஐடிஆர்-1, அதே நோட்டீஸ். ஆனா அவர் ப்ரொஃபைல்ல அவங்க தங்களோட மெயில் ஐடியும் நம்பரும் குடுத்து வச்சிருந்ததால நோட்டீஸ் வந்ததே இவருக்கு தெரியல, 15 நாள் தாண்டி ரிட்டர்ன் செல்லாதுன்னு ஆயிடுச்சு. ரிட்டர்ன் போடுற கெடு தேதியும் முடிஞ்சுட்டதால 139(4)-ல பிலேட்டட் ரிட்டர்னா ஐடிஆர்-4 போட்டார். ரீஃபண்ட் வர வேண்டிய ஆள்தான், ஆனாலும் வருமானம் 5 லட்சத்துக்கு மேல இருக்குறதால 234F லேட் ஃபீஸ் 5,000 போயிடுச்சு. அதுவும் டிசம்பர் 31க்குள்ள கவனிச்சதால முடிஞ்சது. அத தாண்டியிருந்தா அப்டேட்டட் ரிட்டர்ன்ல ரீஃபண்ட் கேக்க முடியாது, 119(2)(b)-ல காலதாமதத்த மன்னிக்கச் சொல்லி தனியா மனு போட்டுட்டு காத்திருக்கணும்.

பழைய ரெஜீம்ல இருக்குறவங்களுக்கு இதுல இன்னொரு சிக்கல் இருக்கு, இத எங்கயும் சரியா சொல்ல மாட்டேங்குறாங்க. சம்பளம் மட்டும்னா ஐடிஆர்-1லயே பழைய ரெஜீம் டிக் பண்ணிட்டு போயிடலாம். தொழில் வருமானம் வந்துட்டா `Form 10-IEA` கெடு தேதிக்குள்ள தனியா போட்டிருக்கணும், ஐடிஆர்-4 அந்த நம்பரையும் தேதியையும் கேக்கும். ஐடிஆர்-1 போட்டவர் அத போட்டிருக்க மாட்டார். நோட்டீஸ் கெடு தேதிக்கு முன்னாடியே வந்தா முதல்ல 10-IEA போட்டுட்டு அப்பறம் பதில் போடுங்க. பின்னாடி வந்தா புது ரெஜீம்லதான் கணக்கு போட வேண்டியிருக்கும், 80C, வீட்டு வாடகைக் கழிவு எல்லாம் போயிடும், வரி கூடலாம், அந்த வித்தியாசத்த கட்டிட்டுதான் JSON ஏத்தணும்.