வெளிநாட்டிலிருந்து இந்திய நம்பரை போர்ட் செய்கிறீர்களா? சிம் யார் பேரில் ஏறுகிறது என்று பாருங்கள்

பினாங்கில் வேலை செய்துகொண்டு, இந்திய சிம்மை ஊரில் அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்து வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம்மாட்கள் பலர் இப்படித்தான் வைத்திருக்கிறோம். பேங்க் ஓடிபி வந்தால் வீட்டில் ஒருவர் படித்துச் சொல்வார்.

என் நம்பரும் திருச்சியில் அம்மாவின் பழைய போனில்தான் இருந்தது. 2024 ஜூலையில் கட்டணங்கள் ஏறிய பிறகு, ஓடிபிக்காக மட்டும் வைத்திருக்கும் சிம்முக்கு இவ்வளவு ரீசார்ஜா என்று தோன்றியது. வேறொரு நிறுவனத்தின் இணையதளத்தில் 'ஆன்லைனிலேயே போர்ட், சிம் வீடு தேடி வரும்' என்று இருந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எங்கும் இதே முறைதான் என்பதால் பெயர் தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

முதல் வேலை சுலபம். போர்ட் ஆக வேண்டிய சிம்மிலிருந்து 1900க்கு இப்படி ஒரு எஸ்எம்எஸ்:

```
PORT 98XXXXXXXX
```

சற்று நேரத்தில் 1901இலிருந்து எட்டு எழுத்து, எண் கலந்த ஒரு குறியீடு வரும். அதுதான் யுபிசி. 4 நாள்தான் செல்லும், அதற்குள் புதிய நிறுவனத்தில் கொடுத்துவிட வேண்டும். பாக்கி இருந்தாலோ, இப்போதைய நிறுவனத்துக்கு வந்து 90 நாள் ஆகாவிட்டாலோ, சிம் மாற்றி ஒரு வாரம் ஆகாவிட்டாலோ குறியீடே வராது. அம்மா போனில் எழுத்து எழுத்தாகப் படித்துச் சொன்னார். நடுவில் வந்தது ஓவா சுழியமா என்று ஒரு சின்னப் பஞ்சாயத்து நடந்தது. (வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்.)

இணையதளப் படிவத்தில் என் பெயர், என் நம்பர், யுபிசி, திருச்சி முகவரி எல்லாம் கொடுத்தேன். கடைசியில் என் பெயர் போட்டு 'உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது' என்று வந்தது. அதைப் பார்க்கும் யாரும் நம்பர் தன் பேரில்தான் மாறப்போகிறது என்றே நினைப்பார்கள். அந்தப் பக்கம் நினைக்க வைப்பதும் அதைத்தான். ஆனால் நீங்கள் நிரப்பும் படிவம் சிம்மை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதற்கு மட்டும்தான். சிம் யார் பேரில் பதிவாகும் என்பது, வாசலில் வந்து நிற்கும் பையனின் போனில் யாருடைய ஆதாரும் முகமும் ஏறுகின்றன என்பதைப் பொறுத்தது.

மறுநாள் பையன் வந்தான். 'சார் வெளிநாட்டுல இருக்காரா? பரவாயில்லம்மா, உங்க ஆதாரைக் குடுங்க, பேரை அப்புறம் மாத்திக்கலாம்' என்றிருக்கிறான். ஆள் ஊரில் இல்லையென்றால் அவன் செய்ய வேண்டியது திரும்பிப் போவது. அம்மாவை ஒரு போட்டோ எடுத்தான். 'சரியா விழல' என்று இன்னொன்றும் எடுத்தான், ஓடிபியும் இரண்டு முறை கேட்டான். புதிய சிம்மைக் கையில் கொடுத்து, பழையது சிக்னல் இழந்ததும் இதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சில நாளில் பழைய சிம் அடங்கியது, புதியது வேலை செய்தது, பேங்க் ஓடிபியும் ஒழுங்காக வந்தது. அதனால்தான் இந்தக் கோளாறு உடனே தெரிவதில்லை.

அந்த நம்பரை இசிம்மாக மாற்றி இங்கே என் போனில் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நிறுவனத்தின் செயலியில் வாடிக்கையாளர் பெயர் இருக்கும் இடத்தில் அம்மாவின் பெயர். சந்தேகம் வந்து sancharsaathi.gov.in தளத்தில் 'உங்கள் பெயரில் உள்ள இணைப்புகள்' பகுதிக்குப் போனேன். அது இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தளம். நம்பரைப் போட்டு, அதற்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால், அந்த நம்பர் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில் உள்ள எல்லா நம்பர்களும் வரும். என் பேரில் இன்னொரு நம்பரும் உண்டு, அது பட்டியலில் இல்லை. இருந்தவை மூன்று: போர்ட் ஆன என் நம்பர், அம்மா பல வருடமாக வைத்திருக்கும் நம்பர், அப்புறம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு நம்பர்.

அந்த இரண்டாவது போட்டோ எதற்கு என்று அப்போது புரிந்தது: அம்மா பேரில் இன்னொரு சிம் எடுப்பதற்கு. அந்தச் சிம்மை வைத்து யாராவது மோசடி செய்தால் போலீஸ் தேடி வருவது அம்மாவின் வீட்டுக்கு.

நிறுவனத்தின் புகார் எண்ணான 198க்கு அம்மாவின் போனிலிருந்து அடிக்கச் சொன்னேன். 'மேடம், கேஒய்சி யார் குடுத்தாங்களோ அவங்க பேர்லதான் வரும்' என்பதோடு முடித்துக்கொண்டார்கள். படிவத்தில் என் பெயரை எதற்குக் கேட்டீர்கள் என்பதற்குப் பதில் இல்லை. இங்கே கூட வேலை பார்க்கும் மலேசியத் தம்பியிடம் சொன்னபோது அவனுக்கு நம்பவே முடியவில்லை. 'நம்ம ஊர்ல ஐசி நம்பர் பழைய கம்பெனில இருக்கறதோட ஒத்துப்போகலன்னா போர்ட்டே ரிஜெக்ட் ஆயிடும் அண்ணே' என்றான். இந்தியாவில் என் விஷயத்தில் அப்படி எந்தத் தடையும் குறுக்கே வரவில்லை. சரியான யுபிசி இருந்தது, எதிரே ஒரு முகம் இருந்தது, நம்பர் கைமாறிவிட்டது.

அம்மா பேரில்தானே இருக்கிறது, என்ன இப்போது என்று கேட்கலாம். சிம் தொலைந்தாலோ கெட்டாலோ மாற்றுச் சிம் வாங்க நான் போய் நின்றால் தரமாட்டார்கள். எழுபது வயது அம்மாதான் கடைக்கு நடக்க வேண்டும். என் பேங்க், பிஎஃப், வருமான வரி எல்லாம் தொங்குவது இந்த ஒரு நம்பரில். இதே அந்தப் பையன் வேறு யாருடைய ஆதாரையாவது போட்டிருந்தால் நம்பரே போயிருக்கும்.

தெரியாத நம்பருக்கு எதிரே 'என் நம்பர் அல்ல' என்று அம்மாவை வைத்தே அந்தத் தளத்தில் புகார் போட்டாயிற்று. நிறுவனத்திலும் புகார் பதிந்து எண் வாங்கியிருக்கிறோம். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக வேண்டும், அதற்கு இந்த எண் கட்டாயம் தேவைப்படும். போர்ட்டை நிறுத்தவும் ஒரு வழி இருந்திருக்கிறது. கோரிக்கை பதிவான 24 மணி நேரத்துக்குள் அதே சிம்மிலிருந்து 1900க்கு `CANCEL` என்று போட்டு, இடைவெளி விட்டு நம்பரை அனுப்பினால் ரத்தாகிவிடும். பையனோ இணையதளமோ இதை வாயே திறக்கவில்லை. போர்ட் முடிந்துவிட்டால் 90 நாளுக்கு வேறு நிறுவனத்துக்கும் போக முடியாது.

பேரை மாற்ற நானும் அம்மாவும் அசல் ஆதாரோடு சேர்ந்து கடைக்கு வர வேண்டுமாம். பொங்கல் லீவுக்குப் போகும்போது அதுதான் முதல் வேலை. அதுவரை அந்தச் சிம்மைப் போனிலிருந்து கழற்றவே கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஊரில் உங்கள் சிம்மை யாராவது சமீபத்தில் போர்ட் செய்து கொடுத்திருந்தால், இன்றிரவே வீட்டுக்குப் போன் போட்டு அந்த ஓடிபியை வாங்கிப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் நம்பருக்கு மட்டுமல்ல, வாசலில் ஆதாரைக் காட்டியவரின் நம்பருக்கும் பாருங்கள். இனிமேல்தான் போர்ட் செய்யப்போகிறீர்கள் என்றால், லீவில் போகும்போது நீங்களே கடையில் உட்கார்ந்து செய்யுங்கள். அதுவரை இருக்கிற நிறுவனத்திலேயே குறைந்த ரீசார்ஜில் ஓட்டிக்கொள்ளலாம்.