ஒன்பது ஸ்டூலும் ஒரே அச்சு: பிளெண்டரில் உணவகம் வரைந்த ஆறு வருடம்

உணவகங்களுக்கு உள்ளரங்கப் படம் வரைந்து கொடுப்பது என் தொழில். கட்டுவதற்கு முன்பே, கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் படங்கள். 2019-இல் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளின் 2.80 பதிப்பு வந்தபோது அதற்கு மாறினேன், இன்னும் அதிலேயே இருக்கிறேன். பொதுவான நிறைகுறை எழுதினால் யாருக்கும் பயன்படாது. அதனால் என்னை அதிகம் அலைக்கழித்த ஒரே விஷயத்தை எழுதுகிறேன்: வரிசையாக வரும் நாற்காலிகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும், இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். கேட்க எளிது.

பேசுவதற்கு வசதியாக ஒரு கூடத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு சுவரோரம் 5.4 மீட்டர் நீள பார் கவுண்டர், எதிர்ச் சுவரோரம் முதுகோடு முதுகு ஒட்டிய மூன்று பூத் இருக்கைகள், மேலே இரண்டு மூன்று உயரங்களில் தொங்குவிளக்குகள். நான் வரைந்த கூடங்களில் பாதிக்கு மேல் இந்த அமைப்பின் மாறுதல்தான்.

முதல் வருடம் ஒரு ஸ்டூலைச் செய்து, `Shift+D` போட்டு, மவுஸால் இழுத்து வைத்தேன். கண்ணுக்குச் சரியாகவே தெரிந்தது. வாடிக்கையாளர் கால்களைக் கொஞ்சம் மெலிதாக்கச் சொன்னபோதுதான் உறைத்தது. `Shift+D` ஒவ்வொரு முறையும் தனி உருவத்தையே உண்டாக்குகிறது, ஆகவே ஒன்பது ஸ்டூலுக்கும் ஒன்பது முறை கால் மெலிதாக்க வேண்டும். `Alt+D` அப்படியில்லை. எல்லா நகல்களும் ஒரே உருவத் தரவைப் பகிர்ந்துகொள்ளும், ஒன்றைத் திருத்தினால் எல்லாம் திருந்தும். `Alt+D`, அப்புறம் `X`, அப்புறம் `0.6`, என்டர். அதன் பிறகு `Shift+R` அழுத்த அழுத்த அதே 60 செ.மீ. தள்ளி அடுத்த ஸ்டூல் வந்து நிற்கும். ஏழு முறை அழுத்தினால் வேலை முடிந்தது.

இதிலும் ஒரு பள்ளத்தில் விழுந்தேன். பொருளின் தரவுப் பலகையில் உருவத்தின் பெயருக்குப் பக்கத்தில் 9 என்று ஓர் எண் இருக்கும், ஒன்பது பேர் பகிர்கிறார்கள் என்று அர்த்தம். அது என்னவென்று பார்க்க ஒருநாள் அதைச் சொடுக்கிவிட்டேன். சொடுக்கினால் அந்த ஸ்டூல் மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து தனித் தரவு ஆகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. அதன் பிறகு கால்வளையத்தை 4 செ.மீ. இறக்கினேன், எட்டு இறங்கியது, ஒன்று அப்படியே நின்றது. நான் கவனிக்கவில்லை, வாடிக்கையாளர் கவனித்தார். இப்போது ரெண்டர், அதாவது இறுதிப் படம், போடுவதற்கு முன் ஒரு ஸ்டூலைத் தேர்ந்து `Shift+L` அழுத்தி `Object Data` கொடுக்கிறேன். ஒன்பதும் ஒளிர்ந்தால் சரி. எட்டு என்றால் ஓடிப்போன ஒன்றைத் தேட வேண்டும்.

இந்தப் பகிர்வு உருவத்துக்கு மட்டும்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பொருளின் அளவு, திருப்பம், அதன் மேல் ஏற்றும் மாடிஃபையர் என்ற தானியங்கி மாற்றங்கள் எல்லாம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஒரு ஸ்டூலில் கை தவறி அளவை மாற்றும் `S` அழுத்திவிட்டால் அது 3 சதவீதம் பருத்துவிடும், `Shift+L` அதைக் காட்டாது. `N` பலகையில் `Scale` மூன்றும் 1.000 தானா என்று பார்ப்பது ஒன்றே வழி.

இரண்டாம் வருடம் `Array` மாடிஃபையருக்குப் போனேன். எண்ணிக்கையை மாற்றினால் ஸ்டூல்கள் தாமாகக் கூடும், குறையும். பார்க்க மந்திரம் போல இருந்தது. தொடக்கத்திலேயே `Relative Offset` தேர்வாகியிருப்பதுதான் வம்பு. அது தூரத்தை மீட்டரில் பார்ப்பதில்லை, ஸ்டூலின் அகலத்தால் பெருக்குகிறது. என் ஸ்டூல் 46 செ.மீ. அகலம், 1.3 மடங்கு கொடுத்தேன், 59.8 செ.மீ. வந்தது, போதும் என்று விட்டேன். பிறகு கைப்பிடி வைத்த ஸ்டூல் வேண்டும் என்றார்கள், அகலம் 52 ஆனது, இடைவெளி சத்தமில்லாமல் 67.6 ஆகிவிட்டது. எட்டு இடைவெளியிலும் அந்த மிச்சம் சேர்ந்து கடைசி ஸ்டூல் கவுண்டரைத் தாண்டி வெறுந்தரையில் நின்றது. அன்று முதல் `Constant Offset` மட்டும்தான்.

அதற்கும் ஒரு குணம் உண்டு. அது பொருளின் சொந்த அளவுகோலில் கணக்கிடும். வெளியிலிருந்து கொண்டுவரும் நாற்காலி மாதிரிகள் பல நேரம் `Scale` 0.01 ஆக வந்து இறங்கும். அப்போது 0.6 கொடுத்தால் 6 மில்லிமீட்டர்தான் நகரும், ஒன்பதும் ஒன்றுக்குள் ஒன்று புதைந்து கிடக்கும். "சரி, 60 கொடுப்போம்" என்று கொடுத்துச் சமாளித்தேன். சில நாள் கழித்து வேறொரு காரணத்துக்காக `Ctrl+A` போட்டு அளவை நிலைப்படுத்தியதும் ஸ்டூல்கள் 60 மீட்டருக்கு ஒன்றாகப் பக்கத்துத் தெரு வரை பறந்துவிட்டன. முதலில் `Ctrl+A`, அப்புறம்தான் `Array`.

எண்ணிக்கையைக் கண்டுபிடிப்பதில் எல்லாரும் ஒருமுறையாவது சறுக்குவோம். 5.4 மீட்டரை 0.6 ஆல் வகுத்தால் 9. முதல் ஸ்டூலைக் கவுண்டரின் நுனியிலேயே வைத்தால் ஒன்பதாவது 4.8-இல் நிற்கும், ஒரு பக்கம் நெருக்கம், மறுபக்கம் பாழ். 60 செ.மீ. என்பது ஓர் ஆளுக்கான இடம், ஸ்டூல் அந்த இடத்தின் நடுவில் நிற்க வேண்டும். ஆகவே முதல் ஸ்டூலின் மையம் 0.3-இல், கடைசி 5.1-இல், இரண்டு நுனியிலும் 30 செ.மீ. மிச்சம்.

பூத்தில் இதே கணக்கு வேறு வேடத்தில் வரும். மூன்று பூத்துக்குச் சாய்மானம் நான்கு. இருக்கை 48, மேசை 70, எதிர் இருக்கை 48, பொதுச் சாய்மானம் 14, ஆக 180 செ.மீ. என்று ஓர் அலகு செய்தேன். அலகின் இரண்டு பக்கமும் சாய்மானம் வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டால் பக்கத்துப் பக்கத்துச் சாய்மானங்கள் ஒரே இடத்தில் ஒன்றன் மேல் ஒன்று விழும். ரெண்டரில் தோல் உறை மேல் கருந்திட்டுகள் வரும். மெட்டீரியலில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு முழு மாலையை வீணாக்கியிருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் சாய்மானம் வைத்து, கடைசிச் சாய்மானத்தைத் தனிப் பொருளாகச் செய்து `Array`-இல் வரிசையின் முடிவுக்கென இருக்கும் `End Cap`-இல் கொடுத்தால் தீர்ந்தது.

இப்போது பெரும்பாலும், நோடு எனும் சிறு பெட்டிகளைக் கோத்து உருவம் அமைக்கும் ஜியோமெட்ரி நோட்ஸ் பயன்படுத்துகிறேன். கால் ஒரு பொருள், குஷன் ஒரு பொருள், கால்வளையம் ஒரு பொருள் என்று ஸ்டூல் பிரிந்து கிடக்கும்போது எல்லாவற்றையும் ஒரு கலெக்‌ஷனில் போட்டு, `Collection Info`, `Mesh Line`, `Instance on Points` என்ற மூன்று நோடுகளை இணைத்தால் போதும். எண்ணிக்கை 9, தள்ளல் 0.6. `Array` உண்மையிலேயே முகங்களைப் பெருக்கிவிடும், 80,000 முகம் கொண்ட ஸ்டூல் ஒன்பது என்றால் ஏழு லட்சத்துக்கு மேல். இந்த முறையில் பிளெண்டரின் ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸ் ஒரே ஒரு ஸ்டூலைத்தான் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. `Object Info` நோடின் `Random` மதிப்பை எடுத்து மரத்தின் நிறத்தை ஸ்டூலுக்கு ஸ்டூல் மிக லேசாக மாற்றலாம். `Array` போட்டதில் அது நடக்காது, எல்லாம் சேர்ந்து ஒரே பொருள்தானே. இயல்பாகத் தெரியும் என்று ஒருமுறை ஸ்டூல்களை இரண்டு மூன்று டிகிரி இப்படி அப்படித் திருப்பியும் பார்த்தேன். "ஏன் கோணலாக இருக்கிறது?" என்று ஒரே வரியில் பதில் வந்தது. நிறத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

எல்லாவற்றையும் மில்லிமீட்டர் சுத்தமாக வைத்த பிறகும் ஒரு புகார் வந்தது: "ஓரத்து ஸ்டூல் மட்டும் குண்டாக இருக்கிறது." அளந்தேன், அப்பழுக்கில்லை. கோளாறு கேமராவில். சின்னக் கூடத்தில் எல்லாம் தெரிய வேண்டுமென்று 18 மி.மீ. லென்ஸ் போட்டிருந்தேன். அகன்ற லென்ஸ் நேர்கோட்டை நேராக வைத்திருப்பதற்கு விலையாக ஓரத்தில் இருப்பதை இழுத்துவிடும். பிளெண்டரின் வழக்கமான 36 மி.மீ. சென்சாரில், 18 மி.மீ. லென்ஸ் என்றால் படத்தின் ஓரத்தில் ஓர் உருண்டை 41 சதவீதம் நீண்டு தெரியும். 24-இல் 25 சதவீதம், 35-இல் 12. உருண்டைக் கண்ணாடி விளக்கு படத்தில் இருந்தால் உடனே பிடிபடும்: நடுவில் பந்து, ஓரத்தில் முட்டை.

ஆக 35-க்குப் போனேன். ஏழு மீட்டர் அகலம் படத்துக்குள் வர 18-இல் மூன்றரை மீட்டர் தள்ளி நின்றால் போதும், 35-இல் 6.8 மீட்டர் வேண்டும். கூடத்தில் அவ்வளவு இடமில்லை, கேமரா சுவருக்கு வெளியே போய்விடும். அந்தச் சுவரின் `Ray Visibility` பகுதியில் `Camera` குறியை மட்டும் எடுத்துவிட்டேன். சுவர் படத்தில் தெரியாது, ஆனால் அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அப்படியே இருக்கும். கேமராவைக் குனியவிடாமல் நேராக வைத்து, `Shift Y` கொண்டு படத்தை மட்டும் மேலே கீழே தள்ளினால் விளக்குக் கம்பிகளும் செங்குத்தாக நிற்கும்.

விளக்குகளில் இடைவெளி இன்னொரு சிக்கல். கவுண்டர் மேல் நான்கு விளக்கு கேட்டார்கள். 5.4-ஐ நான்காகப் பிரித்தால் முதல் விளக்கு 0.675-இல், அடுத்தது 2.025-இல். ஸ்டூல்கள் 0.3, 0.9, 1.5, 2.1 என்று போகின்றன. இரண்டாவது விளக்கு நான்காவது ஸ்டூலை 7.5 செ.மீ.யில் தவறவிடுகிறது, வேண்டுமென்றே தள்ளி வைத்தது மாதிரியும் இல்லை, நேராக வைத்தது மாதிரியும் இல்லை. மூன்று விளக்கு என்றால் 0.9, 2.7, 4.5, இரண்டாவது, ஐந்தாவது, எட்டாவது ஸ்டூலுக்கு நேர் மேலே. எதிரே பூத் அலகும் 1.8 மீட்டர்தான், மேசை நடு அதே இடங்களில் விழுகிறது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அனுப்பினேன், மூன்றுக்கே ஒப்புக்கொண்டார்கள். உயரம்: கவுண்டர் 1.07 மீட்டர், விளக்கின் அடி 1.9-இல். பூத் மேசை 75 செ.மீ., விளக்கின் அடி 1.5-இல், எதிரில் இருப்பவர் முகம் மறையாமல் இருக்கிறதா என்று உட்கார்ந்த கண் உயரத்தில் ஒரு கேமரா வைத்துப் பார்த்துவிடுவேன். நடுவழியில் தொங்குபவை 2.4-இல்.

இத்தனை விளக்கும் சேர்ந்து பழைய பதிப்புகளில் படத்தைப் புள்ளி புள்ளியாக்கும். பிளெண்டர் 3.5-இல், பல விளக்குகளைத் திறமையாகக் கணக்கிடும் `Light Tree` வந்தபின் என் படங்களில் அது வெகுவாக அடங்கியது. ஆனால் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் பல்புக்கு அது போதவில்லை. கண்ணாடி மெட்டீரியலில் `Light Path` நோடின் `Is Shadow Ray` வழியாக, நிழலைக் கணக்கிடும் கதிருக்கு மட்டும் ஒளியைத் தடுக்காத `Transparent BSDF` கிடைக்கும்படி கலந்துவிட்டேன். இயற்பியல்படி இது பொய். உண்மைக் கண்ணாடி மேசை மேல் வீசும் அந்த ஒளிக்கோலம் படத்தில் வராது, இதுவரை யாரும் கேட்கவும் இல்லை.

நோட்ஸ் முறையில் இன்னும் எனக்கு ஒத்துவராதது ஒன்று. "அந்த மூன்றாவது ஸ்டூலில் மட்டும் ஒருவர் எழுந்து போன மாதிரி சற்று வெளியே தள்ளி வையுங்கள்" என்றால் ஒரு எண்ணைத் தனியாகப் பிரிக்க இன்னும் நாலு நோடு கோக்க வேண்டும். `Alt+D` என்றால் பிடித்து இழுத்தால் முடிந்தது. அதனால் பத்துக்குக் குறைவான வரிசையாக இருந்து, வாடிக்கையாளர் அடிக்கடி மனசு மாற்றுபவர் என்று தெரிந்தால், இன்றைக்கும் பழைய `Alt+D`, `X`, `0.6` தான்.