அப்பா கார் சர்வீஸ் புக்கும், 1-ஆ 7-ஆன்னு தெரியாத ஒரு எழுத்தும்

இந்த ஜூன்ல ஊருக்கு வந்தப்ப எல்லாம் நல்லாதான் போச்சு, பேங்க் வேலை, ஆதார் அட்ரஸ் மாத்துறது எதுவும் இழுக்கல. கார் சர்வீஸ் சென்டர்ல மட்டும் ஒரு அரை நாள் போச்சு, அத நினைச்சா இன்னும் ஆறல, அதனால அத பத்தி மட்டும் எழுதுறேன்.

வைப்பர் சரியா துடைக்கல, ப்ளேடு மாத்த போனோம், அவ்ளோதான். கவுண்டர்ல இருந்த தம்பி பழைய சர்வீஸ் விவரம் கேட்டாரு. கார் வாங்குனப்ப குடுத்த புத்தகம் வீட்ல இருந்துச்சு, அப்பாகிட்ட சொல்லி அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்ப சொன்னேன். தம்பி போட்டோவ பாத்து கம்ப்யூட்டர்ல அடிச்சாரு, உடனே "சார், சர்வீஸ் டியூ தாண்டிருச்சு, மூணு மாசம் ஆச்சு, கிலோமீட்டரும் 545 கூட ஓடியிருக்கு"ன்னு ஒரு பெரிய எஸ்டிமேட்ட நீட்டினாரு. அப்பா எதையும் மூணு மாசம் டியூ தாண்ட விடுற ஆளே கிடையாது. அதான் போட்டோவ நானே வாங்கி பெருசாக்கி பாத்தேன்.

அந்தப் பக்கத்துல மூணு வரி. முதல் வரி 22/6/22, 28,140 கிமீ. ரெண்டாவது 05/07/23, 36,870. மூணாவதுதான் பிரச்சனை, 03/08/24, கிமீ 4 அப்பறம் ஒரு கோடு அப்பறம் 915. ஃபிளாஷ் போட்டு எடுத்ததால அந்த ரெண்டாவது எழுத்து மேல வெளிச்சம் அடிச்சு பாதி வெளுத்துருந்துச்சு. தம்பி அத 41,915ன்னு எடுத்துக்கிட்டாரு. எங்க காருக்கு 10,000 கிமீ இல்லன்னா ஒரு வருஷம், எது முன்னாடி வருதோ அது. அப்ப அடுத்தது 51,915, மீட்டர்ல அன்னைக்கு 52,460, அதான் அந்த 545. அடுத்த சர்வீஸ் கட்டத்த பாத்தா தெரிஞ்சிருக்குமேன்னு நினைப்பீங்க, அங்கயும் 5க்கு அடுத்த எழுத்து மேலயே சீல் மை ஊத்தியிருந்துச்சு, 51-ஆ 57-ஆன்னு அதுவும் சொல்லல.

தேதி கதை வேற. 03/08/24ங்கறது ஆகஸ்ட் 3, இங்க யாரு எழுதுனாலும் நாள்தான் முன்னாடி. ஆனா கம்ப்யூட்டர் அமெரிக்க செட்டிங்ல இருந்துருக்கு, அதனால அத மார்ச் 8ன்னு எடுத்துக்கிச்சு. நான் அமெரிக்காவுலதான் இருக்கேன், அங்க மாசத்த முன்னாடி போட்டு எழுதி எழுதி கையே மாறிப்போன எனக்கு இது பாத்த உடனே உறைச்சுது. நாள் 12க்குள்ள இருக்கற எந்த தேதியும் ரெண்டு மாதிரியும் செல்லும், கம்ப்யூட்டர் எரர் எதுவும் காட்டாது, அமைதியா தப்பா எடுத்துக்கும். அதுக்கு அதே புத்தகத்துல 12 தாண்டின நாள் ஒன்னு தேடணும். முதல் வரி 22/6/22, 22வது மாசம்னு ஒன்னு கிடையாது, அப்ப இந்த புத்தகம் நாள் முன்னாடின்னு முடிவாயிருச்சு. அப்படின்னா டியூ 2025 ஆகஸ்ட் 3, இன்னும் ஒன்றரை மாசம் டைம் இருக்கு.

கிமீக்கு வருவோம். வரி வரியா ஏறிட்டே போகணும்ங்கறது முதல் சோதனை, ஆனா 41,915, 47,915 ரெண்டுமே 36,870ஐ விட கூடதான், அதுல ஒன்னும் தெரியாது. அடுத்தது மாசத்துக்கு எவ்ளோ ஓடுதுன்னு பாக்கறது. 41,915ன்னா 2023 ஜூலைலேருந்து 13 மாசத்துல 5,000 சொச்சம்தான் ஓடியிருக்கு, அதுக்கப்பறம் 10 மாசத்துல 10,545. 47,915ன்னா முதல்ல 11,045, அப்பறம் 4,545. முதல் 13 மாசத்துலதான் தங்கச்சி கல்யாணம், சொந்தக்காரங்க வீடு ஒன்னு விடாம பத்திரிகை வைக்க இதே கார்லதான் சுத்துனாங்க. அப்பறம் அப்பாவுக்கு கண் ஆபரேஷன் ஆகி ஓட்டறதையே குறைச்சிட்டாரு. 47தான் பொருந்துது. ஆனாலும் இது நம்ம வீட்டு ஞாபகம், கவுண்டர்ல சாட்சியா வைக்க முடியாது.

அதனால அதே வரில அதே பேனாவுல வேற 1, 7 இருக்கான்னு தேடுனேன். ஜாப் கார்டு நம்பர் 2417ன்னு இருந்துச்சு! அங்க 1 வெறும் குச்சி, தலைல ஒன்னும் கிடையாது. 7க்கு இடது பக்கம் நீட்டி ஒரு மேல்கோடு. கிமீல இருக்கற எழுத்த நல்லா பெருசாக்குனா வெளுத்த இடத்துல இடது பக்கம் அந்த மேல்கோட்டோட நுனி மட்டும் லேசா தெரிஞ்சுது. அடுத்த வேலையா கார் டேஷ்போர்டு பெட்டிய கிளறினேன், போன வருஷ பில் கிடந்துச்சு, பிரிண்ட்ல தெளிவா 47,915, 03-ஆகஸ்ட்-2024. தம்பி ஒத்துக்கிட்டு திருத்தினாரு, அந்த வகையில நல்ல பையன்.

ஆனா எனக்கு உண்மையிலயே பதறுனது இதுக்கு அப்பறம்தான். வேலை விவரம் கட்டத்துல ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல ஒரு எழுத்து போட்டிருப்பாங்க, 'ஆர்'ன்னா மாத்தியாச்சு, 'ஐ'ன்னா பாத்தாச்சு, 'சி'ன்னா கிளீன் பண்ணியாச்சு. தம்பி எழுத்த பாக்கல, கட்டம் நிரம்பியிருந்தா எல்லாத்தையும் மாத்தியாச்சுன்னே அடிச்சிட்டாரு. ஏர் ஃபில்டருக்கு 'சி', அது கூட பரவால்ல. பிரேக் ஆயிலுக்கு 2022ல மட்டும்தான் 'ஆர்', 23லயும் 24லயும் 'ஐ'. அது ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு புத்தகத்துலயே போட்டிருக்கு, ஏன்னா அது காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், ஈரம் ஏறினா கொதிநிலை குறையும், இறக்கத்துல தொடர்ந்து பிரேக் அழுத்துனா உள்ள ஆவி கட்டி பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிரும். 2024 ஜூன்லயே மாத்த வேண்டியது, கிட்டத்தட்ட ஒரு வருஷம் தாண்டிருச்சு. கம்ப்யூட்டர் கணக்குல அது 2026 வரைக்கும் வேண்டாம். அதாவது டியூ ஆகாத எஞ்சின் ஆயில மாத்தச் சொல்லி எஸ்டிமேட், டியூ தாண்டின பிரேக் ஆயில் அந்த எஸ்டிமேட்லயே இல்ல. எங்க அப்பா வயசுல ஓட்டற ஆளுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்!

அமெரிக்காவுல ஆயில் மாத்துன உடனே கண்ணாடில ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருவாங்க, அடுத்தது எத்தன மைல்னு, விவரம் எல்லாம் ஆன்லைன்ல கிடக்கும், யாரு கையெழுத்தையும் படிக்க வேண்டியதில்ல. ஆனா உண்மைய சொல்லணும்னா அந்த ஸ்டிக்கர்ல பிரேக் ஆயில பத்தி ஒரு வார்த்தை இருக்காது. மூணு வருஷக் கதைய ஒரே பக்கத்துல வச்சிருந்தது இந்த பழைய புத்தகம்தான், முன்னாடி வரிங்க இருந்ததாலதான் எதையும் கண்டுபிடிக்கவே முடிஞ்சுது. அதனால வீட்ல யாராவது போட்டோ அனுப்புனா கடைசி வரிய மட்டும் எடுக்க விடாதீங்க, முழுப் பக்கம் வேணும், ஃபிளாஷ் அணைச்சு ஜன்னல் பக்கம் வச்சு, தையல் பக்கம் மடங்கி முதல் எழுத்த முழுங்காம நல்லா விரிச்சு எடுக்கணும், கூடவே இன்னைக்கு மீட்டர் போட்டோ ஒன்னு. தெரியாத எழுத்த யாரும் ஊகிச்சு அடிக்காம 4?,915ன்னே எழுதி வைக்கட்டும், பில்ல பாத்துட்டு நிரப்பிக்கலாம்.

பிரேக் ஆயில அன்னைக்கே மாத்தியாச்சு, 'ஆர்' போட்டு 18-ஜூன்-2025, 52,460ன்னு மாசத்த எழுத்துல எழுத வச்சிதான் கிளம்பினேன். மத்த சர்வீஸுக்கு ஜூலை கடைசில அப்பா போறாரு. வைப்பர் ப்ளேடு ஸ்டாக் இல்லையாம்.