தட்டம்மை: ஒரு ஊசி போதுமா, இரண்டும் வேண்டுமா?

ஒன்பதாம் மாதம் போட்டாயிற்று, ஒன்றரை வயதில் மறுபடியும் எதற்கு என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். முதலில் ஒரு சின்னக் கணக்கு.

யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத ஊரில் ஒரு போலியோ நோயாளி சுமார் 6 பேருக்குத் தொற்றைக் கொடுப்பார். அதில் 5 பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால் பரவல் வளராது, அதாவது 83%. தட்டம்மையோ சுமார் 15 பேருக்குப் பரவும். அங்கே 14 பேருக்கு எதிர்ப்பாற்றல் இருக்க வேண்டும், அதாவது 93%. நோயாளி வெளியேறிய பிறகும் அறைக் காற்றில் 2 மணி நேரம் வரை கிருமி தங்குவதால்தான் இவ்வளவு வேகம்.

சரி, இப்போது ஒப்பிடலாம்.

பலன்
ஒரு ஊசி: 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்கு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சிலரிடம் தடுப்பூசியைச் செயல்படவிடாது.
இரண்டு: சுமார் 97 பேருக்கு.

ஊர் பாதுகாப்பு
ஒரு ஊசி: எல்லோருக்கும் போட்டாலும் 85%தான், 93%-ஐ எட்டவே எட்டாது.
இரண்டு: 95% குழந்தைகளுக்குப் போட்டால் சுமார் 92%, எல்லையை ஒட்டி வந்துவிடும்.

செலவு
இரண்டுமே அரசு மையங்களில் இலவசம்.

கைக்குழந்தையை உடனே காக்க முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஊசி போட முடியாத புற்றுநோய்ச் சிகிச்சைக் குழந்தைகளையும் சேர்த்துக் காக்க இரண்டாவதும் கட்டாயம் வேண்டும்.