சார்ட்டினோவா, மேக்சிமம் டிராடவுனா: மாதாமாதம் பணம் எடுக்கும் ஃபண்டுக்கு எதைப் பார்ப்பது?

ஓய்வுக்காலப் பணம் 50 லட்சம் ஒரு ஃபண்டில் இருக்கிறது, வீட்டுச் செலவுக்கு மாதம் 25,000 எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பணம் மேலே எவ்வளவு துள்ளினாலும் நமக்குக் கவலையில்லை, கீழே போவதுதான் கவலை. அந்தக் கவலையை அளக்க இரண்டு எண்கள் உண்டு.

சார்ட்டினோ விகிதம், நாம் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச வருமானத்துக்குக் கீழே போன மாதங்களை மட்டும் தண்டிக்கும். ஓர் ஆண்டில் ஒன்பது மாதம் 3% ஏற்றம், மூன்று மாதம் 6% இறக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கு பூஜ்யம். மூன்று இறக்கங்களின் வர்க்கத்தைக் கூட்டினால் 108. அதை 12 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் இறக்க விலகல் 3%. சராசரி மாத வருமானம் 0.75%. அதை இறக்க விலகலால் வகுத்தால் விகிதம் 0.25.

இங்கே பலரும் 12க்குப் பதில், இறங்கிய மாதங்களின் எண்ணிக்கையான 3 ஆல் வகுத்துவிடுகிறார்கள். அப்போது விலகல் 6% ஆகி, விகிதம் பாதியாகக் குறைந்து 0.125 என்று வரும். இரண்டு இடங்களில் ஒரே ஃபண்டுக்கு வேறு வேறு சார்ட்டினோ கண்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சரி, அந்த மூன்று இறக்கங்களும் எந்த வரிசையில் வந்தன? சார்ட்டினோவுக்கு அது தெரியவே தெரியாது. இடையிடையே மும்மூன்று ஏற்ற மாதங்களோடு வந்திருந்தால், உச்சத்திலிருந்து அதிகபட்சச் சரிவு, அதாவது நம் இரண்டாவது எண்ணான மேக்சிமம் டிராடவுன், 6% மட்டுமே. மூன்றும் ஆண்டின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வந்திருந்தால் 16.9%. விகிதம் இரண்டிலும் அதே 0.25தான்.

பணம் எடுப்பவருக்கு அந்த வரிசையில்தான் ஆபத்து இருக்கிறது. அடுத்தடுத்து இறங்கினால், மாதாமாதம் எடுத்த தொகையும் சேர்ந்து, மூன்றாவது மாத முடிவில் 50 லட்சம் ஏறக்குறைய 40.8 லட்சமாகிவிடும். எதுவும் எடுக்காதவர் 3% ஏற்றத்தில் ஏழு மாதத்தில் மீண்டுவிடுவார். எடுப்பவருக்கு ஒன்பது மாதம் பிடிக்கும், அதுவும் அத்தனை மாதமும் ஏறினால்தான்.

அதனால் இப்படிப்பட்ட பணத்துக்கு நான் டிராடவுனைத்தான் முதலில் பார்ப்பேன். ஆனால் அதை அப்படியே நம்பவும் முடியாது. அது ஒரே ஒரு சம்பவத்தின் அளவு. 2020இல் நிஃப்டி 50 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23 வரை, தினசரி முடிவு விலைப்படி சுமார் 38% விழுந்தது. மாத இறுதி விலைகளை மட்டும் எடுத்தால் அதே வீழ்ச்சி சுமார் 29% என்றுதான் தெரியும். அப்புறம், 2020 ஏப்ரலுக்குப் பின் தொடங்கிய ஃபண்டின் கணக்கில் அந்த வீழ்ச்சியே இருக்காது. அதைப் பழைய ஃபண்டோடு ஒப்பிட்டால், புதியது பாதுகாப்பானது போலத் தோன்றிவிடும்.

நான் செய்வது இதுதான்: 2008, 2020 இரண்டு வீழ்ச்சிகளையும் பார்த்த ஃபண்டுகளை ஒரே காலகட்டத்தில், தினசரி என்ஏவி வைத்து எடுத்துக்கொள்வேன். தாங்கக்கூடிய சரிவு எவ்வளவு என்று முன்பே முடிவுசெய்து, அதைத் தாண்டியவற்றை நீக்கிவிடுவேன். மீதியுள்ளவற்றை வரிசைப்படுத்தத்தான் சார்ட்டினோ.